கல்யாண போட்டோ கொட்டேஷனைத் திருத்தி எழுதுவது: மலையில் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் ஸ்டுடியோக்களின் கல்யாணப் படங்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். சண்டையும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வரும். "நாப்பது ஷீட்னு சொன்னீங்களே", "வண்டி வாடகை தனின்னு யார் சொன்னா" என்று மண்டபம் காலி செய்த பிறகு ஆரம்பிக்கிற பேச்சு, தேடிப் போனால் ஆறு மாதம் முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் போய் நிற்கும். அதனால் கொட்டேஷன்களையும் திருத்திக் கொடுக்க ஆரம்பித்தேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு ஸ்டுடியோவின் கொட்டேஷனை எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் விதத்தை மட்டும் பாருங்கள்.

அக்கா, கொட்டேஷன் பாக்க நல்லாத்தான் இருக்கு. அனுப்பினா "பாத்துட்டு சொல்றோம்"னு சொல்றாங்க, அப்புறம் சத்தமே இல்ல. ஏன்?

உங்களோடு பேசியவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். பெண்ணின் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்கிறார். இருபது நிமிடம் பேசி எல்லாவற்றையும் விளக்குகிறீர்கள், அவருக்குப் புரிகிறது. அவர் உங்கள் பிடிஎஃபை எடுத்து வீட்டு குரூப்பில் போடுகிறார். அங்கே அப்பா இருக்கிறார், தாய்மாமா இருக்கிறார், திருப்பூரில் ஒரு சித்தப்பா இருக்கிறார். அவர்கள் யாரும் உங்கள் குரலைக் கேட்டதில்லை. சித்தப்பா கையில் இன்னும் இரண்டு ஸ்டுடியோவின் பிடிஎஃப் இருக்கிறது.

சித்தப்பா கேட்கப்போவது மூன்றே கேள்வி: மொத்தம் எவ்வளவு, அதில் என்னென்ன வரும், இப்போது நாம் என்ன செய்யணும். பதில் அந்தப் பக்கங்களில் இல்லையென்றால் அண்ணன்தான் சொல்லணும். அவருக்குப் பாதி மறந்துபோயிருக்கும். "கேட்டுச் சொல்றேன்" என்பார், கேட்க மாட்டார். நீங்கள் கூட இல்லாத இடத்தில் படிக்கப்படுகிற காகிதம் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

என்னோட கொட்டேஷன்ல எது புரியலன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நீங்களே கண்டுபிடிக்க முடியாது, உங்களுக்கு எல்லாம் தெரியும். ஸ்டுடியோ வேலைக்குச் சம்பந்தமில்லாத, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் போனிலேயே கொடுங்கள். அச்சடித்துக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் போனில்தான் பார்ப்பார். இரண்டு நிமிடம் கழித்து வாங்கிக்கொண்டு மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் உதாரணமாக எடுத்த கொட்டேஷனைப் பக்கத்து பேக்கரிக்காரரிடம் கொடுத்தோம். எட்டுப் பக்கம். ஆறு பக்கம் படங்கள், ஏழாவதில் ஸ்டுடியோ பற்றி, எட்டாவதில் பொடி எழுத்தில் விலை. அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "எம்பத்தஞ்சாயிரமா? அதுக்கு மேலயா?" என்று எங்களையே கேட்டார்.

இன்னொரு வழியும் உண்டு. கடைசியாக அனுப்பிய பத்து கொட்டேஷனுக்கு வந்த வாட்ஸ்அப் பதில்களைத் திறந்து, அவர்கள் கேட்ட சந்தேகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருந்தால் அந்த வரி கொட்டேஷனில் இல்லை, அல்லது இருந்தும் தெரியவில்லை.

சில்வர், கோல்டு, டைமண்டு, பிளாட்டினம், ராயல்னு அஞ்சு பேக்கேஜ் வச்சிருக்கேன். குறைக்கணுமா?

மூன்று போதும். அதைவிட முக்கியம் பெயர். கோல்டுக்கும் டைமண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அட்டவணையில் இருபது வரியை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கணும். அந்த ஸ்டுடியோவின் ஐந்து பேக்கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது டைமண்டுக்கும் பிளாட்டினத்துக்கும் வேறுபாடு ஒரு காபி மக், ஒரு காலண்டர், ஆல்பத்தில் ஐந்து ஷீட். அதற்கு 20,000 ரூபாய் வித்தியாசம். இதைக் கேட்டபோது ஸ்டுடியோக்காரருக்கே விளக்கம் சொல்ல வரவில்லை.

வாடிக்கையாளர் தன் கல்யாணத்தை எப்படிப் பார்க்கிறாரோ அப்படிப் பெயர் வையுங்கள். "முகூர்த்தம் மட்டும்", "ரிசப்ஷன் + முகூர்த்தம்", "ரிசப்ஷன் + முகூர்த்தம் + அவுட்டோர்". படித்த கணமே தனக்கு எது என்று தெரிந்துவிடும். அவர் போனிலேயே "முந்தின நாள் சாயந்திரம் ரிசப்ஷன், காலையில முகூர்த்தம்" என்று சொல்லியிருந்தால் நடுவில் இருப்பதை முதலில் விரிவாகப் போடுங்கள். மற்ற இரண்டும் கீழே நாலு நாலு வரியில் இருந்தால் போதும்.

செலவெல்லாம் சேத்து மொத்தமா போட்டா பயந்து ஓடிருவாங்களே? அதான் "85,000 முதல்"னு போடறேன்.

அந்த கோல்டு பேக்கேஜ் கடைசியில் எவ்வளவு ஆனது என்று ஒரு பில்லை எடுத்துப் பார்த்தோம். 85,000 என்பது ஒரு நிகழ்ச்சிக்கு. அந்த வீட்டில் ரிசப்ஷனும் இருந்தது, அதற்கு 30,000. ஆல்பத்தில் பத்து ஷீட் கூடியது, ஷீட்டுக்கு 450 வீதம் 4,500. கோயம்புத்தூரிலிருந்து கேண்டிட் எடுப்பவரும் வீடியோக்காரரும் ஏறி வந்த வண்டிக்கு 6,000. இரவு தங்க இரண்டு ரூம் 7,000. இதுவரை 1,32,500. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 23,850. மொத்தம் 1,56,350. எண்பத்தைந்து என்று நினைத்திருந்த அப்பாவிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். எல்லாமே நியாயமான செலவுதான், "நிபந்தனைகளுக்குட்பட்டது" என்ற வரியின் கீழே எல்லாம் இருந்தது. ஆனால் அந்த வீட்டிலிருந்து இன்னொரு கல்யாணம் அந்த ஸ்டுடியோவுக்கு வரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பிடித்தார்கள்.

"முதல்" என்று போட்டால் குறைந்த விலை கண்ணில் படும் என்பது உண்மைதான், போனும் கொஞ்சம் கூடுதலாக வரும். அதில் 85,000 மட்டுமே வைத்திருப்பவர்களும் வருவார்கள், அவர்களோடு பேசுகிற நேரமும் வீண். திருத்தும்போது வண்டி, ரூம், இரண்டு நிகழ்ச்சி எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து 1,35,000, ஜிஎஸ்டி 24,300, மொத்தம் 1,59,300 என்று ஒரே இடத்தில் போட்டோம். பழைய பில்லைவிட சுமார் மூவாயிரம் கூடுதல். தொகை ஏறக்குறைய அதேதான். அது முதல் நாளே தெரிகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

ஜிஎஸ்டிய தனியா காட்டணுமா, உள்ளயே சேத்துடலாமா?

மூன்று வரியாகக் காட்டுங்கள்: தொகை, ஜிஎஸ்டி, நீங்கள் கட்டவேண்டிய மொத்தம். மூன்றாவது வரி தடித்த எழுத்தில் இருக்கட்டும். "ஜிஎஸ்டி தனி" என்று மட்டும் எழுதினால் கணக்குப் போடுகிற வேலை சித்தப்பாவுக்குப் போகும், அவர் போடமாட்டார், அடுத்த ஸ்டுடியோ பிடிஎஃபைத் திறப்பார்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன ஸ்டுடியோ என்றால் அந்த வரியே வரக்கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் வரி என்று சொல்லி வாங்க முடியாது. பதிவு இருந்தால் எண்ணைக் கொட்டேஷனிலேயே போடுங்கள். அதைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, திருத்தினது எப்படித்தான் இருந்துச்சு? ஒரு தடவை முழுசா காட்டுங்க.

முதல் பக்கம் இது. எட்டுப் பக்கம் இரண்டாகிவிட்டது. படங்களுக்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுத்தோம்.

> ரிசப்ஷன் + முகூர்த்தம், குன்னூர்
> நவம்பர் 13 மாலை 5 முதல் இரவு 10 வரை. நவம்பர் 14 காலை 4 முதல் 11 வரை.
>
> வருபவர்கள் 4 பேர்: கேண்டிட் போட்டோ ஒருவர், டிரெடிஷனல் போட்டோ ஒருவர், சினிமாட்டிக் வீடியோ ஒருவர், டிரெடிஷனல் வீடியோ ஒருவர்.
>
> உங்களுக்குக் கிடைப்பவை: திருத்திய 400 படங்கள், எடுத்த எல்லாப் படங்களும் பென்டிரைவில், 12க்கு 36 அங்குல ஆல்பம் ஒன்று (40 ஷீட், 80 பக்கம்), 4 முதல் 5 நிமிட ஹைலைட்ஸ், முழு நீள வீடியோ.
>
> உள்ளே சேர்ந்தவை: குழுவின் வண்டி, இரண்டு ரூம். சாப்பாடு மட்டும் உங்கள் பந்தியில்.
>
> தொகை 1,35,000. ஜிஎஸ்டி 24,300. மொத்தம் 1,59,300 ரூபாய்.
>
> நேரம் கூடினால் மணிக்கு 4,000 மற்றும் ஜிஎஸ்டி. உங்களைக் கேட்டு, சரி என்ற பிறகுதான்.

இதற்குக் கீழே அடுத்து என்ன செய்யணும் என்ற பகுதி வரும். அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மற்ற இரண்டு பேக்கேஜ், ட்ரோன், ஆல்பம் கால அளவு, தேதி மாற்றம்.

எழுதும்போது எனக்குத் தெரிந்த நல்ல சோதனை: ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். "பிரீமியம் ஆல்பம்" என்பதற்கு எண் இல்லை. "அனுபவமிக்க குழு" என்பதற்கு எண் இல்லை. எண் போட முடியாத சொல்லை எடுத்துவிட்டால் எதுவும் குறையாது.

"அன்லிமிடெட் போட்டோஸ்"னு போட்டாத்தானே கவர்ச்சி? 400னு போட்டா கம்மியா தெரியாதா?

எடுப்பதற்கு அளவில்லை, திருத்துவதற்கு அளவு உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டதுதான் சிக்கல். இரண்டு நாள் கல்யாணத்தில் நாலு கேமராவிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் படம் வரும். அவை எல்லாவற்றையும் நிறம் சரிசெய்து தருவார்கள் என்றுதான் "அன்லிமிடெட்" என்பதை வீட்டில் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் மேலே இரண்டு வரியாகப் பிரித்தோம்.

ஷீட்டும் அதே கதைதான். 12க்கு 36 ஆல்பத்தை விரித்து வைத்தால் இடமும் வலமும் சேர்ந்து ஒரே ஷீட். வீட்டில் அதை இரண்டு பக்கம் என்று எண்ணுவார்கள். "40" என்று மட்டும் எழுதினால் தொழிலில் அது ஷீட், வீட்டில் அது பக்கம். மூன்று நாலு படம் ஒரு ஷீட்டில் வைத்தால் 40 ஷீட்டுக்கு 120 முதல் 160 படம் பிடிக்கும். இந்த எண்ணையும் எழுதுங்கள். என்னிடம் செலக்‌ஷன் என்று 420 படம் வந்த நாட்கள் உண்டு. மாப்பிள்ளை வீடு இருநூறு, பெண் வீடு இருநூறு, பாட்டி தனியாக இருபது. அவற்றை 40 ஷீட்டில் திணித்தால் முகம் தபால்தலை அளவுக்கு வரும். திணிக்காவிட்டால் ஷீட் கூடும், ஷீட் கூடினால் சண்டை.

இன்னொன்று கால அளவு. "ஆல்பம் 45 நாளில்" என்று எழுதினால் கல்யாணத் தேதியிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் செலக்‌ஷன் வரவே மூன்று மாதம் ஆகும், பெண் அதற்குள் வெளியூர் போயிருப்பார். "படம் தேர்வு செய்த பட்டியல் எங்களுக்கு வந்த நாளிலிருந்து 45 நாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டியல், அனுப்புபவர் ஒருவர்" என்று எழுதுங்கள். அந்த ஒருவரின் பெயரை எழுத ஒரு கோடும் விடுங்கள்.

ட்ரோன் போட்டிருக்கேன். மூடுபனி வந்து பறக்க முடியலன்னா காசைத் திருப்பிக் கேக்கறாங்க. எப்படி எழுதறது?

பேக்கேஜுக்குள் வைக்காதீர்கள். மேலே காட்டிய முதல் பக்கத்தில் ட்ரோன் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாம் பக்கத்தில் தனி வரியாகப் போட்டோம்: "ட்ரோன், ஒரு நிகழ்ச்சிக்கு 10,000 மற்றும் ஜிஎஸ்டி. மழை, காற்று, மூடுபனி இருந்தால் பறக்காது. பறக்காவிட்டால் இந்தத் தொகை வாங்கமாட்டோம்." சமவெளி ஸ்டுடியோவின் கொட்டேஷனைப் பார்த்து எழுதியவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர் பக்கம் மத்தியானம் வரை வெளிச்சமாக இருந்துவிட்டு மூன்று மணிக்கு எதிர்க் கட்டடம் தெரியாமல் போகும்.

வானிலை மட்டும் பிரச்சினை இல்லை, இடமும்தான். டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். வெலிங்டன் ராணுவப் பகுதிக்குப் பக்கத்தில் மண்டபம் என்றால் கொட்டேஷன் அனுப்பும் முன்பே அந்த வரைபடத்தைப் பாருங்கள். வன நிலத்தின் மேல் பறக்க வனத்துறை அனுமதி வேண்டும். பறக்கவே முடியாத இடத்துக்கு ட்ரோன் வரியைப் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு எடுப்பது மோசம். அவுட்டோர் பேக்கேஜிலும் இதே கவனம் வேண்டும். பூங்கா, எஸ்டேட் என்று எங்கே எடுத்தாலும் அனுமதிக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒரு வரி இருக்கட்டும்.

கடைசியில "மேலும் விவரங்களுக்கு தொடர்பு கொள்ளவும்"னு நம்பர் போட்டிருக்கேன். அது போதாதா?

போதாது. அவர் ஏற்கனவே தொடர்புகொண்டுதான் இந்தக் கொட்டேஷனையே வாங்கினார். மறுபடியும் தொடர்புகொண்டு என்ன சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஸ்டுடியோவுக்கு நாங்கள் எழுதியது இது:

> தேதியை உறுதி செய்ய: அக்டோபர் 5, ஞாயிறு மாலை 6 மணிக்குள் "ரிசப்ஷன் + முகூர்த்தம் சரி" என்று இதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, 40,000 ரூபாய் அட்வான்ஸ் செலுத்துங்கள். அன்றே ரசீதும் ஒப்பந்தப் படிவமும் அனுப்புவோம். அதுவரை நவம்பர் 13, 14 தேதிகளை வேறு யாருக்கும் தரமாட்டோம்.
> அடுத்த தவணை: நவம்பர் 10ஆம் தேதி 80,000. கடைசித் தவணை: ஆல்பம் கையில் வாங்கும்போது 39,300.
> சந்தேகம் இருந்தால் மாலை 4 முதல் 8 வரை அழையுங்கள்.

இதில் நாலு விஷயம் இருக்கிறது. அவர் செய்யவேண்டிய ஒரே காரியம், எப்போதுக்குள், செய்தால் என்ன நடக்கும், செய்யாவிட்டால் என்ன நடக்கும். "அதுவரை வேறு யாருக்கும் தரமாட்டோம்" என்பதைச் சும்மா எழுதாதீர்கள். எழுதினால் டைரியில் பென்சிலால் குறித்துவையுங்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கெடு முடிந்த மறுநாள் காலை ஒரு செய்தி அனுப்பி, தேதியை விடுவித்துவிட்டோம் என்று சொல்லுங்கள். "வேற ரெண்டு பார்ட்டி கேக்கறாங்க" என்று இல்லாததைச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குன்னூர் சின்ன ஊர். யார் கேட்டது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

இரண்டாம் தவணைக்குக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு தேதி வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. முன்பு "நிகழ்ச்சி அன்று" என்று போட்டிருந்தார்கள். பந்தியில் நிற்கிற அப்பாவைத் தேடிப் போய்ப் பணம் கேட்கிற நிலைமை வந்தது. கேட்டவருக்கும் சங்கடம், கொடுத்தவருக்கும் கோபம்.

எல்லாம் தெளிவா போட்டா "இதுல கொஞ்சம் கொறச்சுக்கோங்க"ன்னு வரிக்கு வரி பேரம் பேசுவாங்களே?

பேசுவார்கள். கேட்பது அவர்கள் உரிமை, கல்யாண வீட்டில் பூக்காரரிடமும் பேசுவார்கள், சமையல்காரரிடமும் பேசுவார்கள். தொகையைக் குறைத்தால் வேலையும் குறையணும், அவ்வளவுதான். எதையும் எடுக்காமல் 15,000 குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அதனால் இரண்டாம் பக்கத்தில் "குறைக்க வேண்டுமென்றால்" என்று மூன்று வரி போட்டோம். ஆல்பம் 40க்குப் பதில் 30 ஷீட் என்றால் 4,500 குறையும். ரிசப்ஷனுக்கு டிரெடிஷனல் வீடியோ வேண்டாம் என்றால் 10,000 குறையும். ஆல்பம் இப்போது வேண்டாம், படங்கள் மட்டும் போதும் என்றால் 18,000 குறையும். மூன்றுமே ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகை. பேரம் அதற்குப் பிறகும் நடந்தது, ஆனால் "எதை எடுக்கலாம்" என்ற பேச்சாக மாறிவிட்டது. ஒரு வீட்டில் மூன்றையும் பார்த்துவிட்டு எதையும் எடுக்க மனம் வராமல் முழுத் தொகைக்கே சரி என்றார்கள்.

நாங்க படுகர் கல்யாணம் நெறைய எடுக்கறோம். முகூர்த்தம், ரிசப்ஷன்னு பிரிச்சா பொருந்தாதே?

பொருந்தாது, அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நடக்கிற கல்யாணத்தை மணிக்கணக்கில் பிரிப்பது கஷ்டம். ஊரே கூடி ஆட ஆரம்பித்தால் இத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அங்கே வந்து "மணி பதினொண்ணு ஆச்சு, கூடுதல் கட்டணம்" என்றால் அது மரியாதையும் இல்லை.

இதற்கு நாளை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு நாள், ஒரு ஹட்டி", "ஒரு நாள், இரண்டு வீடும்" என்று. பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை ஊருக்குப் போகும்போது குழு இரண்டாகப் பிரியணுமா, ஒரே குழு பின்னால் போகணுமா என்பதுதான் செலவை மாற்றும், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மணிக் கட்டணத்தை எடுத்துவிட்டு, இருட்டிய பிறகும் இருப்பதைச் சேர்த்தே விலை போடுங்கள். பெயரில்தான் மாற்றம். மொத்தம், ஷீட், தவணை, அடுத்து செய்யவேண்டியது எல்லாம் மேலே சொன்னபடியேதான்.

வீட்ல ஒரு துக்கம், கல்யாணம் தள்ளிப்போச்சு. அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கறாங்க. கொட்டேஷன்ல "அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது"ன்னுதான் இருக்கு.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு துக்க வீட்டில் பேச முடியுமா? முடியாது என்பதால்தான் என்னைக் கேட்கிறீர்கள். தள்ளிப்போவதும் நின்றுபோவதும் வேறு வேறு, இரண்டுக்கும் வேறு வரி வேண்டும்.

தள்ளிப்போனால்: அட்வான்ஸ் அப்படியே புதுத் தேதிக்கு வரும், ஒரு வருடத்துக்குள், அந்தத் தேதி எங்களுக்குக் காலியாக இருந்தால். காலியாக இல்லையென்றால் முழுவதும் திருப்பித் தருவோம். நின்றுபோனால்: 60 நாளுக்கு முன்பு சொன்னால் 30,000 திரும்பும், அதற்குப் பிறகு சொன்னால் திரும்பாது, ஏனென்றால் அந்தத் தேதிக்கு வெளியாட்களுக்கு நாங்கள் பணம் கொடுத்திருப்போம். காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து குழு வர முடியாமல் போனால் என்ன என்பதையும் அங்கேயே எழுதுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைப்பவர்கள், மழைக்காலத்தில் முந்தின நாளே மேலே கொண்டுவந்துவிடுவோம் என்று எழுதி அப்படியே செய்யுங்கள். ரூம் செலவைத் தொகைக்குள் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான். வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதை எடுப்பது ஸ்டுடியோ வேலை, கொட்டேஷனில் சொல்லத் தேவையில்லை.

"படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே"ன்னு கடைசி வரி போட்டிருக்கோம். அது செல்லும்தானே?

கொட்டேஷனில் எழுதி அனுப்பியதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கமுடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறுமாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய. ஆகவே இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அட்வான்ஸ் வந்ததும் ஒப்பந்தப் படிவம் அனுப்புவோம் என்று மேலே எழுதியது இதற்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது இன்ஸ்டாகிராமில் போடும் அனுமதி. அதை நேராகக் கேளுங்கள்: "உங்கள் படங்களில் சிலவற்றை எங்கள் பக்கத்தில் போடலாமா? போடலாம் / நாங்கள் பார்த்துச் சொன்ன பிறகு போடலாம் / வேண்டாம்." மூன்றில் ஒன்றை வட்டமிடச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்பவரின் தொகையைக் கூட்டாதீர்கள். நான் பார்த்தவரை நடுவில் உள்ளதைத்தான் அதிகம் பேர் வட்டமிடுகிறார்கள்.

பழைய கொட்டேஷனை வச்சு அட்வான்ஸ் வாங்கின கல்யாணங்க தை மாசம் வரைக்கும் இருக்கே. அதுக்கு என்ன பண்றது?

பழைய விலை பழைய விலைதான், அதை மாற்றக்கூடாது. ஆனால் இப்போதே உட்கார்ந்து, கோல்டு பேக்கேஜ் பில்லுக்குப் போட்ட கணக்கை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போடுங்கள். வண்டி, ரூம், இரண்டாவது நிகழ்ச்சி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து கடைசியில் எவ்வளவு வரும் என்று. பிறகு அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள்: "நீங்கள் பேசியது இது, இதுவரை கொடுத்தது இது, கல்யாணம் முடியும்போது மொத்தம் இவ்வளவு வரும், இதில் உங்களுக்கு வேண்டாதது இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்."

இரண்டு மூன்று வீடுகளில் கோபம் வரும், வண்டி வாடகையை நீங்களே ஏற்றுக்கொள்ளவேண்டியும் வரலாம். அந்த ஸ்டுடியோவில் ஏழு வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு வீட்டில் அப்பா நேரிலேயே வந்து அரை மணி நேரம் சத்தம் போட்டார். வண்டிக்கான 6,000 ரூபாயை விட்டுக்கொடுத்தார்கள். போகும்போது அவரே ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்து அனுப்புபவர் என்று தன் மருமகள் பெயரைக் கோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.